குளுட்டதயோன் மாத்திரை: காசு கொடுத்து வாங்குவது எதை?

கேள்வி: 500 மில்லிகிராம் குளுட்டதயோனும் வைட்டமின் சியும் சேர்ந்த மாத்திரையை இரண்டு மாதமாகத் தினம் ஒன்று போடுகிறேன். எடை 58 கிலோ. காலையில் டீயும் பிஸ்கட்டும்தான். "வாய்வழி எடுத்தால் உடம்பில் ஏறாது, லிப்போசோமல் வாங்கு" என்கிறார் ஒருவர். "என்ஏசி போதும்" என்கிறார் இன்னொருவர். மூன்றாவது புட்டி வாங்கலாமா, வேறு ஏதாவது மாற்ற வேண்டுமா?

பதில்: மூன்றாவது புட்டி வேண்டாம். காலை டீயும் பிஸ்கட்டும் என்பதை முதலில் மாற்றுங்கள். காரணத்தைப் புரிந்துகொண்டால், அடுத்த முறை எந்த லேபிளைப் பார்த்தாலும் நீங்களே கணக்குப் போட்டுவிடலாம்.

குளுட்டதயோன் என்பது செல்களை ஆக்சிஜனேற்றச் சேதத்திலிருந்து காக்க உடலே செய்துகொள்ளும் பொருள். மூன்று அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி அது: குளுட்டமேட், சிஸ்டீன், கிளைசின். வயிற்று அமிலம் இதை அழித்துவிடுகிறது என்று பலரும் சொல்வது சரியல்ல. குளுட்டமேட்டும் சிஸ்டீனும் இணைந்திருக்கும் பிணைப்பு வழக்கமான புரதப் பிணைப்பு அல்ல. அதனால் புரதத்தை வெட்டும் சாதாரண நொதிகளுக்கு அது வசப்படாது. சிக்கல் அதற்கு அடுத்த கட்டத்தில்தான் வருகிறது. சிறுகுடல் சுவரின் உட்பரப்பிலேயே, இந்தப் பிணைப்பை மட்டும் வெட்டுவதற்கென்று காமா குளுட்டமைல் டிரான்ஸ்ஃபரேஸ் என்ற நொதி இருக்கிறது. கல்லீரல் பரிசோதனை அறிக்கையில் GGT என்று வருகிறதே, அதுதான். அது குளுட்டமேட்டைக் கழற்றிவிடும். மீதி இரண்டை இன்னொரு நொதி பிரித்துவிடும். குடல் உள்ளே இழுப்பது பெரும்பாலும் உதிரிகளைத்தான்.

1992-ல் வெளியான ஓர் ஆய்வில், நலமாக இருந்த ஏழு பேருக்கு ஒரே வேளையில் சுமார் 3 கிராம் குளுட்டதயோன் கொடுத்தார்கள். உங்கள் எடைக்குக் கணக்கிட்டால் ஐந்து மாத்திரைக்கு மேல். நாலரை மணி நேரம் ரத்தத்தைச் சோதித்தும், குளுட்டதயோன் அளவில் குறிப்பிடத்தக்க ஏற்றம் இல்லை. 2011-ல் நாற்பது பேருக்கு, வேளைக்கு 500 மில்லிகிராமாக நாளுக்கு இரண்டு வேளை, நாலு வாரம் கொடுத்துப் பார்த்தபோதும் அதே கதைதான்.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். 2015-ல் 54 பேரை ஆறு மாதம் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வில், தினம் 1000 மில்லிகிராம் எடுத்தவர்களின் ரத்த அளவு சுமார் 30 சதவீதம் கூடியது. ஆக, "துளியும் பயனில்லை" என்றும் சொல்லிவிட முடியாது. ஆனால் நிறுத்தி ஒரு மாதத்தில் அளவு பழைய இடத்துக்கே திரும்பிவிட்டது. மேலும், ஏறியது முழு மூலக்கூறாகவே உள்ளே போனதாலா, உடைந்த சிஸ்டீனைக் கொண்டு உடல் புதிதாகச் செய்ததாலா என்று அந்த அளவீட்டை வைத்துப் பிரிக்க முடியாது.

இந்தக் கடைசி விஷயம்தான் வாங்குபவருக்கு முக்கியம். குளுட்டதயோன் வேலை செய்யும் இடம் ரத்தம் அல்ல, செல்லின் உள்ளே. ரத்தத் திரவத்தில் இருப்பதைப்போல ஆயிரம் மடங்கு செறிவு செல்லுக்குள் இருக்கிறது. பெரும்பாலான செல்கள் வெளியிலிருந்து அதை முழுதாக இழுத்துக்கொள்வதில்லை. உதிரிகளை வாங்கி, உள்ளேயே கோத்துக்கொள்கின்றன. உதிரிகளில் குளுட்டமேட் தாராளமாகக் கிடைக்கும், கிளைசினும் பெரும்பாலும் கிடைத்துவிடும். தட்டுப்பாடு சிஸ்டீனுக்குத்தான். நீங்கள் புட்டியில் வாங்கியது, சுற்றிவளைத்து வந்த சிஸ்டீன்.

அது எவ்வளவு? குளுட்டதயோனின் மூலக்கூறு எடை 307, சிஸ்டீனின் எடை 121. எனவே 500 மில்லிகிராம் மாத்திரையில் இருப்பது சுமார் 197 மில்லிகிராம் சிஸ்டீன். ஒரு கோழி முட்டையில் ஏறக்குறைய 135 மில்லிகிராம் சிஸ்டீனும், தேவைப்பட்டால் உடல் சிஸ்டீனாக மாற்றிக்கொள்ளும் மெத்தியோனின் ஏறக்குறைய 190 மில்லிகிராமும் உண்டு. இரண்டு முட்டை சாப்பிட்டால், உங்கள் ஒரு மாத்திரையைத் தாண்டியாகிவிட்டது.

உங்கள் எடைக்கு நாள் முழுக்க எவ்வளவு வேண்டும் என்பதையும் பார்த்துவிடலாம். மெத்தியோனினும் சிஸ்டீனும் சேர்த்து ஒரு கிலோ உடல் எடைக்கு 15 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 58 கிலோவுக்கு 870 மில்லிகிராம். இரண்டு முட்டையில் 650 வந்துவிடும். மீதி, பால், மீன், இறைச்சி, தானியம், பருப்பு என்று எதிலிருந்தும் வரும். முட்டை சாப்பிடாதவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பருப்பு வகைகளில் புரதம் அதிகம், ஆனால் இந்த இரண்டு அமினோ அமிலங்களும் அதில் குறைவு. தானியத்தோடும் பாலோடும் சேர்த்துச் சாப்பிட்டால் அந்தக் குறை சரியாகிவிடும். மொத்தப் புரதம் உங்களுக்கு நாளுக்கு 46 கிராமுக்குக் குறையாமல் இருக்கட்டும். காலை வேளையை டீயோடு முடித்துவிட்டு அந்த அளவை எட்டுவது பலருக்கும் கஷ்டம்.

உங்கள் மாத்திரையில் வைட்டமின் சி இருப்பதையும் மறக்க வேண்டாம். தினம் 500 மில்லிகிராம் வைட்டமின் சி கொடுத்த ஒரு சிறு ஆய்வில், அது மட்டுமே சிவப்பணுக்களின் குளுட்டதயோனை நல்ல அளவுக்கு உயர்த்தியது. "இந்த மாத்திரையில் எனக்குப் பலன் தெரிந்தது" என்று சொல்பவர்களில் சிலருக்கு அந்தப் பலன் கூடச் சேர்ந்த பொருளால் வந்திருக்கலாம்.

மருந்தை நுண்ணிய கொழுப்புக் குமிழிகளுக்குள் பொதிந்து தரும் லிப்போசோமல் வகை, நாக்கின் அடியில் வைக்கும் வகை இரண்டும் குடல் சுவரின் அந்த வெட்டைத் தாண்டிச் செல்லும் முயற்சிகள். யோசனை நியாயமானது. ஆனால் நடந்திருப்பவை சிறிய ஆய்வுகள். நல்ல ஒப்பீட்டுக் குழு இல்லாதவையும் அதில் உண்டு. கூடுதல் விலை கொடுக்க அது போதாது என்பது எங்கள் கருத்து.

கேள்வி: அப்படியானால் என்ஏசி வாங்கலாமா? எவ்வளவு?

பதில்: என்ஏசி என்பது என்-அசிட்டைல் சிஸ்டீன். சிஸ்டீனை நேரடியாக எடுத்தால் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடும். அதற்கு ஓர் அசிட்டைல் மூடி போட்டதுதான் இது. லேபிளில் "முழு என்ஏசி ரத்தத்தில் சேர்வது 10 சதவீதத்துக்கும் குறைவு" என்று படித்துப் பயப்படுபவர்கள் உண்டு. இங்கே அது குறை அல்ல. குடல் சுவரும் கல்லீரலும் அந்த மூடியைக் கழற்றி சிஸ்டீனை எடுத்துக்கொள்வதால்தான் முழு என்ஏசி ரத்தத்தில் குறைவாகத் தெரிகிறது. நமக்கு வேண்டியதும் அதுதான்.

600 மில்லிகிராம் என்ஏசியில் சுமார் 445 மில்லிகிராம் சிஸ்டீன். அதே அளவு சிஸ்டீனுக்கு உங்கள் குளுட்டதயோன் மாத்திரை இரண்டுக்கு மேல் தேவை.

இதற்கு மருத்துவத்திலேயே வலுவான சான்று இருக்கிறது. பாராசிட்டமாலை அளவு மீறி விழுங்கியவரின் கல்லீரலில், நச்சுப் பொருளைக் கட்டிப்போடும் குளுட்டதயோன் தீர்ந்துபோகிறது. அதன்பிறகு கல்லீரல் செல்கள் சாகின்றன. அப்போது மருத்துவமனைகளில் கொடுக்கும் மாற்று மருந்து என்ஏசி. வாய்வழி முறையில் முதல் வேளைக்கு ஒரு கிலோவுக்கு 140 மில்லிகிராம், அதாவது 58 கிலோ உள்ளவருக்கு 8 கிராமுக்கு மேல். பிறகு நாலு மணிக்கொரு முறை அதில் பாதி. இது மருத்துவர் மேற்பார்வையில் நடப்பது. வீட்டில் செய்யும் அளவல்ல. உயிர் போகும் நிலையில்கூட சிஸ்டீனைக் கொடுத்து உடலையே செய்யவிடுகிறார்கள் என்பதற்காக இதைச் சொல்கிறோம்.

ஆனால் நலமாக இருந்து, புரதமும் சரியாகச் சாப்பிடுபவருக்கு என்ஏசி பெரிதாக எதையும் கூட்டாது. குளுட்டதயோன் உற்பத்தியின் முதல் படியைச் செய்யும் நொதியை, உருவான குளுட்டதயோனே அடக்கிவிடுகிறது. போதிய அளவு சேர்ந்தால் உற்பத்தி தானே குறையும். எவ்வளவு மூலப்பொருள் கொட்டினாலும் அந்தக் கூரையை மீறாது. பலன் தெரிவது, ஏற்கனவே குறைவாக இருப்பவர்களுக்குத்தான். முதியவர்களுக்கு என்ஏசியும் கிளைசினும் சேர்த்துக் கொடுத்த ஆய்வுகளில் உற்பத்தி மேலேறியது, ஆனால் அவற்றில் கொடுத்தது ஒரு கிலோவுக்கு 100 மில்லிகிராம் வீதம் இரண்டும்: உங்கள் எடைக்குத் தலா 5.8 கிராம். கடையில் "கிளைசின் சேர்ந்தது" என்று வரும் ஒரு மாத்திரையில் அதன் அருகில்கூட இருக்காது.

எனவே முதலில் ஒரு மாதம் உணவைச் சரிசெய்யுங்கள். அதன்பிறகும் என்ஏசி வேண்டும் என்று தோன்றினால், தினம் 600 மில்லிகிராம், சாப்பாட்டுக்குப் பிறகு. வெறும் வயிற்றில் எடுத்தால் குமட்டும். திறந்ததும் அழுகிய முட்டை வாடை லேசாக வந்தால், அது கந்தகத்தின் வாடை, கெட்டுப்போனதற்கு அடையாளம் அல்ல. நீரில் கரைத்துக் குடிக்கும் வகையில் சோடியம் சேர்வதால் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் சாதாரண மாத்திரையை எடுக்கலாம். நெஞ்சுவலிக்கு நைட்ரோகிளிசரின் எடுப்பவர்களுக்கு என்ஏசி சேர்ந்தால் ரத்த அழுத்தம் சரிந்து கடும் தலைவலி வரும். அவர்களும், ஆஸ்துமா உள்ளவர்களும், சிஸ்டீன் வகைச் சிறுநீரகக் கல் வந்தவர்களும் மருத்துவரிடம் கேட்காமல் தொடங்கக் கூடாது.

கேள்வி: ரத்தப் பரிசோதனை செய்து எனக்குக் குறைவா என்று பார்க்கலாமா? ஊசி போட்டால் குடல் பிரச்சினையே இல்லையே?

பதில்: பரிசோதனையில் பணம் வீணாக வாய்ப்பு அதிகம். சிவப்பணுவுக்குள் குளுட்டதயோன் மிகச் செறிவாக இருக்கிறது, வெளியே திரவத்தில் மிகக் குறைவு. ஊசியால் எடுக்கும்போது சில சிவப்பணுக்கள் உடைந்தாலே திரவத்தின் அளவு பல மடங்கு கூடியதாகக் காட்டும். உடனே பதப்படுத்தாமல் வைத்திருந்தால் ஆக்சிஜனேற்றம் அடைந்து குறைவாகக் காட்டும். "சப்ளிமென்ட் எடுக்குமுன், எடுத்தபின்" என்று இரண்டு தாளைக் காட்டி விற்கிறார்கள் என்றால், மாதிரியை எடுத்த எத்தனை நிமிடத்தில், எப்படிப் பதப்படுத்தினார்கள் என்று கேளுங்கள்.

ஊசி குடலைத் தாண்டுகிறது, சிறுநீரகத்தைத் தாண்டுவதில்லை. உடலில் GGT மிக அதிகம் இருப்பது அங்கேதான். நரம்பில் ஏற்றிய குளுட்டதயோனின் அளவு சில நிமிடங்களிலேயே பாதியாகிவிடுகிறது. அதிலும் செல்லுக்குப் போய்ச் சேர்வது உதிரிகளே. தோலை வெளுக்க என்று அதிக அளவில் போடும் ஊசிகளில் கடும் ஒவ்வாமையும் கல்லீரல் பாதிப்பும் பதிவாகியிருக்கின்றன. இதை வாங்க வேண்டாம் என்று உறுதியாகவே சொல்கிறோம்.

உங்கள் கையில் மாத்திரை மீதம் இருந்தால் தூக்கிப்போட வேண்டியதில்லை, தீரும்வரை சாப்பிடலாம். ஆனால் காய்ச்சல் வந்து, சரியாகச் சாப்பிடாமல் பாராசிட்டமால் போடும் நாட்களில் மட்டும் இதை நம்பி இருக்காதீர்கள். பட்டினியில் கல்லீரலின் குளுட்டதயோன் இருப்பு குறைந்திருக்கும். அன்றைக்குப் பாராசிட்டமால் அளவைக் குறைத்துப் போட்டு, கஞ்சியோ பாலோ எதையாவது வயிற்றுக்குள் அனுப்புவதுதான் கல்லீரலுக்கு வேண்டியது.