காலையில் முதல் அடி வைக்கும்போது மட்டும் குதிகால் வலிப்பது ஏன்?

கேள்வி: காலையில் எழுந்து காலை ஊன்றினால் குதிகாலில் ஆணி அடித்த மாதிரி வலி. பத்து நிமிஷம் நடந்தால் குறைந்துவிடுகிறது. ஏன்?

குதிகால் எலும்பின் அடியிலிருந்து விரல்களின் அடிவரை ஒரு கெட்டியான நார்ப்பட்டை ஓடுகிறது. பாதத்தின் வளைவை வில்லின் நாண் போலப் பிடித்திருப்பது அதுதான். தூங்கும்போது பாதம் கீழ்நோக்கிச் சாய்வதால், இரவெல்லாம் பட்டை சுருங்கிக் கிடக்கிறது. எழுந்து நின்றதும் உடல் எடை அதைத் திடீரென இழுக்கிறது. நடக்க நடக்க அது தளர்கிறது, வலியும் இறங்குகிறது.

இது ஒரே நாளில் வருவதில்லை. சிமெண்ட் தரையில் நாள் முழுக்க வெறுங்காலோடு நிற்கும் சமையல்காரரை நினைத்துப் பாருங்கள். கெண்டைக்கால் தசை இறுகியிருந்தால் பட்டையின் மேல் சுமை இன்னும் கூடும். எலும்போடு சேரும் இடத்தில் நுண்ணிய கிழிசல்கள் விழும். ஆறுவதற்குள் மறுநாள் சுமை வந்துவிடும். நாளடைவில் நாரே நைந்துபோகும். எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு முள்ளைப் பலர் குற்றம் சொல்வார்கள். வலியே இல்லாதவர்களுக்கும் அது இருப்பதுண்டு.

சோதிக்க, காலின் கட்டைவிரலை மேலே வளைத்துக்கொண்டு குதிகாலின் உள்பக்க முன்விளிம்பை அழுத்துங்கள். அங்கே சுரீர் என்றால் பெரும்பாலும் இதுதான். படுக்கையை விட்டு இறங்குமுன் விரல்களை முழங்காலை நோக்கி இழுத்து 10 வினாடி பிடியுங்கள், 10 முறை. சரியாகப் பல மாதங்கள் ஆகலாம். மரத்துப்போனாலோ, படுத்திருக்கும்போதும் வலித்தாலோ வேறு காரணம் இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.