மண்சட்டிக்குக் கீழே இருக்க வேண்டிய நிழல்

கேள்வி: மண்சட்டி வாங்கி ஆன்லைனில் விற்கிறேன். சமையல் மேடையில் வைத்து செல்போனில் எடுத்தால் அடுப்பு, குழாய் எல்லாம் படத்தில் விழுகிறது. ஒரு ஆப்பில் பின்னணியை வெள்ளையாக்கினேன், சட்டி அந்தரத்தில் நிற்கிறது. அதிலேயே நிழல் போட்டால் ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி இருக்கிறது. காசு கொடுத்து எடிட்டிங் ஆளிடம்தான் போகணுமா?
– வாசகி, மானாமதுரை

பதில்: போக வேண்டாம். நீங்கள் அனுப்பிய இரண்டு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆப் போட்ட நிழல் சட்டியின் வெளிவிளிம்பைச் சுற்றி ஓடுகிறது. சுவரில் மாட்டிய தட்டுக்குத்தான் அப்படி நிழல் விழும். உங்கள் சட்டி வயிறு பருத்தது. தரையைத் தொடுவது அடியில் உள்ளங்கை அகலம்தான். அந்த இடத்தில் நிழல் கிட்டத்தட்ட கறுப்பாக, மெல்லிய கோடு போல இருக்கும். வயிற்றுக்கு அடியிலிருந்து வெளியே வர வர வெளுத்துக்கொண்டே போகும். அந்தக் கறுத்த கோடு இல்லாவிட்டால் கண் சட்டியைத் தரையில் இருக்கும் பொருளாக ஏற்றுக்கொள்ளாது.

அதனால் பின்னணியை நீக்கும்போது உண்மையான நிழலைத் தூக்கி எறியாதீர்கள். சிக்கல் என்னவென்றால், உங்கள் மேடை புள்ளி போட்ட கிரானைட். நிழலை எடுத்தால் புள்ளிகளும் கூடவே வரும். ஒரு வெள்ளை சார்ட் பேப்பரை ஜன்னலோரம் விரித்து, அதன்மேல் சட்டியை வைத்து மறுபடி எடுங்கள். பின்னால் அடுப்பு தெரிந்தாலும் பரவாயில்லை, அதை அழித்துவிடலாம். தரை மட்டும் வெள்ளையாக இருந்தால் போதும். சட்டி சாய்ந்தால் பிரிமணை வைக்காதீர்கள், அதுவும் சேர்ந்து வரும் என்று வாங்குகிறவர் நினைப்பார். கேமராவுக்குத் தெரியாதபடி பின்பக்கம் ஒரு உருண்டை சப்பாத்தி மாவு வைத்து முட்டுக்கொடுங்கள்.

இனி எடிட்டிங். பிரவுசரிலேயே இலவசமாகத் திறக்கும் Photopea போதும். படத்தை நகலெடுத்து இரண்டு லேயராக்குங்கள். மேல் லேயரில் Pen Tool-ஆல் சட்டியைச் சுற்றி வரைந்து, மற்றதை மாஸ்க்கால் மறையுங்கள். கோட்டை விளிம்புக்கு ஓரிரு பிக்சல் உள்ளே தள்ளி வரைந்தால் பழைய பின்னணியின் நிறம் ஓரத்தில் ஒட்டாது. இந்த லேயரில் வெளிச்சத்தையோ நிறத்தையோ தொட வேண்டாம். சுட்ட மண்ணின் சிவப்பு அப்படியே இருந்தால்தான் பார்சலைப் பிரிப்பவர் ஏமாறமாட்டார்.

நிழல் வேலை முழுக்கக் கீழ் லேயரில்தான். முதலில் Desaturate கொடுத்து நிறத்தை எடுங்கள். ஏனென்றால் செம்மண் நிறம் பேப்பரில் பட்டு நிழலுக்குள் ஆரஞ்சு சாயல் ஏறியிருக்கும். பிறகு வெளிச்ச அளவை மாற்றும் Levels. கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்த பேப்பர் படத்தில் 200, 210 அளவில் சாம்பலாகத்தான் இருக்கும். வலது முனையில் இருக்கும் வெள்ளை முக்கோணத்தை அந்த எண் வரை இழுத்தால் பேப்பர் 255, அதாவது முழு வெள்ளை ஆகிவிடும், நிழல் மட்டும் நிற்கும்.

இங்கேதான் பலர் கெடுத்துக்கொள்கிறார்கள். ஜன்னலுக்கு எதிர்ப்பக்கத்துப் பேப்பர் இன்னும் மங்கலாக இருக்கும்; அதையும் வெளுக்க வைக்க முக்கோணத்தை மேலும் இழுத்தால் நிழலின் மென்மையான வால் முழுக்கப் போய், கறுப்புத் திட்டு மட்டும் மிஞ்சும். நிழல் முடியும் இடத்தை ஒட்டிய பேப்பரை மட்டும் கணக்கில் வைத்து Levels-ஐ நிறுத்துங்கள். மீதி மங்கலையும் அடுப்பையும் குழாயையும் ஓரம் மென்மையான பெரிய வெள்ளை பிரஷ்ஷால் பூசுங்கள். நிழலின் வால் படத்தின் ஓரத்தைத் தொடுவதற்கு முன்பே வெள்ளையில் கரைந்துவிட வேண்டும்.

சட்டி கையைவிட்டுப் போய்விட்டது, பழைய படம்தான் இருக்கிறது என்றால் நிழலை வரையத்தான் வேண்டும். தொடும் இடத்தில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு போட்டு, லேசாக ப்ளர் செய்யுங்கள். தனி லேயரில் அகலமான ஒரு நிழல், நன்றாக ப்ளர் செய்து, Opacity 15–20% வைத்தால் போதும். சட்டியில் பளபளப்பு இடது தோளில் இருந்தால் இந்த நிழல் வலப்பக்கம் சாய வேண்டும். ஆனாலும் உண்மை நிழலுக்கு இது ஈடாகாது. முடிந்தால் மறுபடி எடுத்துவிடுங்கள்.

அமேசானில் முதல் படத்துக்குப் பின்னணி 255, 255, 255 என்ற முழு வெள்ளை வேண்டும், பொருள் படத்தில் 85% நிறைந்திருக்க வேண்டும். கண்ணை நம்பாதீர்கள், 250-ம் வெள்ளையாகத்தான் தெரியும். எல்லாவற்றையும் ஒரே லேயராக்கி, Threshold-ஐ 255-ல் வையுங்கள், முழு வெள்ளை அல்லாத எல்லாம் கறுப்பாகிவிடும். சட்டியும் அதன் நிழலும் ஒரே கறுப்புத் திட்டாகத் தெரிந்தால் சரி. வேறெங்காவது கறுப்பு தெரிந்தால் அங்கே சாம்பல் மிச்சம். Ctrl+Z அழுத்தித் திரும்பிவந்து, அந்த இடத்தை மட்டும் வெள்ளை பிரஷ்ஷால் தொட்டுவிட்டு, JPG-யாகச் சேமியுங்கள்.