வீட்டுக் கடன்: தவணை அட்டவணையை வைத்து வரிச் சலுகை கேட்கலாமா?

கேள்வி: காட்பாடியில் வீடு கட்ட பேங்கில் 20 லட்சம் கடன் வாங்கினேன். 2024 ஜூனில் முதல் தொகை வந்தது, கடைசித் தொகை 2025 ஜூனில். நவம்பரில் வீடு முடிந்து குடிபோய்விட்டோம். நான் வேலை பார்க்கும் சிப்காட் கம்பெனியில் வட்டிச் சான்றிதழ் கேட்கிறார்கள். கடன் தரும்போது கொடுத்த தவணை அட்டவணை இருக்கிறது, அதையே கொடுக்கலாமா? கடன் ஏற்பாடு செய்த ஏஜென்ட் 1,500 ரூபாய் தந்தால் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்கிறார், கொடுக்கட்டுமா?

பதில்: ஏஜென்ட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். அட்டவணையையும் கொடுக்காதீர்கள்.

அட்டவணை என்பது கடன் தந்த அன்றைய வட்டி விகிதத்தை வைத்து, முழுத் தொகையும் முதல் நாளே உங்கள் கைக்கு வந்துவிட்டதாகப் பாவித்துப் போட்ட ஒரு கணக்கு, அவ்வளவுதான். 20 லட்சம், 8.5 சதவீதம், 20 வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 17,356 ரூபாய் வரும், முதல் பன்னிரண்டு மாதத்தில் வட்டி மட்டும் சுமார் 1,68,500 என்று காட்டும். உங்கள் விஷயத்தில் பணம் வந்ததே துண்டு துண்டாக. அதோடு 2025-ல் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை 6.5-லிருந்து 5.25 சதவீதம் வரை படிப்படியாகக் குறைத்தது. உங்கள் கடன் அந்த விகிதத்தோடு இணைந்த மாறும் வட்டிக் கடனாக இருந்தால் (இப்போது வங்கிகள் தரும் வீட்டுக் கடன்கள் பெரும்பாலும் அப்படித்தான்), வட்டி குறைந்திருக்கும், ஆனால் பீரோவில் இருக்கும் பழைய தாளுக்கு அது தெரியாது. 2025-26-க்கு நீங்கள் உண்மையில் செலுத்த வேண்டிய வட்டி 1,50,000 என்று சான்றிதழ் சொல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அட்டவணையை நம்பி 1,68,500 எழுதினால் 18,500 ரூபாய் கூடுதலாகக் கேட்டதாகிவிடும், நாளைக்கு நோட்டீஸ் வந்தால் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது.

சரி, அட்டவணை எதற்குத்தான் ஆகும்? வட்டி குறைந்ததும் புது அட்டவணை ஒன்று கேட்டு வாங்குங்கள். தவணை குறைந்ததா, தவணை அப்படியே இருந்து வருடம் குறைந்ததா, அல்லது ஒன்றுமே மாறவில்லையா என்று அதில் தெரிந்துவிடும். ஒன்றுமே மாறவில்லை என்றால் கிளைக்குப் போய்க் கேட்க வேண்டியது வேறு விஷயம்.

இப்போது சான்றிதழ். இது இரண்டு விதம். வருடம் முடியுமுன் ஜனவரி, பிப்ரவரியில் கம்பெனிக்குக் கொடுப்பது தற்காலிகச் சான்றிதழ், மார்ச் வரை வரப்போகும் வட்டியையும் உத்தேசமாகச் சேர்த்துத் தருவார்கள். மார்ச் 31 கடந்தபின் ஏப்ரலில் வாங்குவது இறுதிச் சான்றிதழ், ரிட்டர்ன் போடுவதற்கு இதுதான் ஆதாரம். நடுவில் நீங்கள் கையிலிருந்து ஒரு லட்சம் அசலில் கட்டினாலோ வட்டி மாறினாலோ இரண்டும் ஒத்துப்போகாது. பயப்பட வேண்டாம், ரிட்டர்னில் இறுதிச் சான்றிதழில் உள்ளதையே எழுதுங்கள்.

வாங்குவது எளிது. நெட் பேங்கிங்கிலோ வங்கியின் செயலியிலோ கடன் கணக்குப் பகுதியில் Interest Certificate என்று இருக்கும், நிதியாண்டைத் தேர்ந்தெடுத்தால் தாள் இறங்கிவிடும். அங்கே கிடைக்கவில்லை என்றால் கிளையில் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள்: கடன் கணக்கு எண், கடன்தாரர்கள் பெயர், எந்த நிதியாண்டு, வட்டியும் அசலும் தனித்தனியாக, வங்கியின் பான் எண்ணும் வேண்டும் என்று எழுதுங்கள். அந்தப் பான் எண்ணைக் கம்பெனி 12பிபி படிவத்தில் கேட்கும், இல்லையென்றால் அதற்காக மறுபடி அலைய வேண்டிவரும். கடிதத்தின் நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். கடன் மையம் வேறு ஊரில் இருக்கிறது, அங்கே போய்க் கேளுங்கள் என்பார்கள். மையத்துக்கு அனுப்பி வாங்கித் தருவது கிளையின் வேலை, உங்கள் வேலை இல்லை. வைப்புத்தொகைக்கு நமக்கு வரும் வட்டியை வங்கி தானாகவே வருமான வரித் துறைக்குச் சொல்லிவிடுகிறது, நாம் கட்டும் வட்டிக்கு மட்டும் நாமே சீட்டு எடுத்துக்கொண்டு அலைய வேண்டும், இது என்ன நியாயமோ தெரியவில்லை.

கிளையில் நகலுக்குக் கட்டணம் கேட்டால் அது கணக்கில் கழிக்கப்படும், கையில் ரொக்கமாகக் கேட்கப்படாது. ஏஜென்ட் 1,500 வாங்கிக்கொண்டு செய்யப்போவது என்ன? உங்கள் நெட் பேங்கிங் பெயர், கடவுச்சொல், ஓடிபி மூன்றையும் வாங்கி அதே பொத்தானை அவர் அழுத்துவார். இதைவிட மோசம், ஒரு தாளில் தொகையை ஏற்றித் தட்டச்சு செய்து முத்திரை வைத்துத் தருபவர்களும் உண்டு. அதோடு "ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், அதில் பங்கு கொடுங்கள்" என்று சொல்லி இரண்டு லட்சம் வட்டி என்று தாமாகவே நிரப்பிவிடும் ஆட்களும் இருக்கிறார்கள். பொய்யாகக் காட்டினது என்று தெரிந்தால் தப்பிய வரியைப் போல 200 சதவீதம் வரை அபராதம் இருக்கிறது, வட்டி வேறு. அப்போது அந்த ஆள் போனை எடுக்கமாட்டார், கையெழுத்து உங்களுடையதாகத்தான் இருக்கும்.

உங்கள் விஷயத்தில் இன்னொன்று இருக்கிறது, பலரும் விட்டுவிடுவது இதைத்தான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வீடு முடிந்தது 2025 நவம்பரில், அதாவது 2025-26 நிதியாண்டில். அதற்கு முந்தைய நிதியாண்டில், 2024 ஜூன் முதல் 2025 மார்ச் வரை, வாங்கிய தொகைக்கு மட்டும் வட்டி கட்டியிருப்பீர்கள். அது உங்களுக்கு வீணாகிப் போகவில்லை. அதை ஐந்து சம பாகமாக்கி, வீடு முடிந்த வருடம் தொடங்கி வருடம் ஒரு பாகமாகக் கழித்துக்கொள்ளலாம். ஆக 2024-25-க்கும் தனியாக ஒரு சான்றிதழ் கேளுங்கள். முதலில் 8 லட்சமும், 2024 நவம்பரில் 7 லட்சமும் வந்திருந்தால் அந்த வருட வட்டி சுமார் 81,500 ஆகும். ஐந்தில் ஒன்று 16,300. இந்த வருட 1,50,000-உடன் சேர்த்து 1,66,300, சொந்தக் குடியிருப்புக்கான உச்சவரம்பான இரண்டு லட்சத்துக்குள் வந்துவிடுகிறது. 2025 ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை கட்டினது முந்தைய காலம் இல்லை, அது நேராக இந்த வருட வட்டியிலேயே சேரும். இங்கேதான் குழப்பிக்கொள்வார்கள். வீடு முடிந்ததற்கான சான்றும், 2024-25 சான்றிதழின் நகலும் ஐந்து வருடமும் பத்திரமாக இருக்கட்டும். மனைவி பெயரும் கடனிலும் பத்திரத்திலும் இருந்தால் வட்டியைப் பங்குப்படி பிரித்து எழுதுங்கள், ஒரே தொகையை இருவரும் முழுதாகக் கேட்கக் கூடாது.

இதெல்லாம் பழைய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தால்தான். புதிய முறையில் சொந்தக் குடியிருப்பு வீட்டின் வட்டிக்குக் கழிவு கிடையாது, ஆனால் 2025-26-ல் சம்பளம் மட்டும் 12.75 லட்சத்துக்குள் இருப்பவருக்கு அங்கே வரியே இல்லை. உங்கள் சம்பளம் அந்த வரம்புக்குள் என்றால் கம்பெனியிடம் புதிய முறை என்று சொல்லிவிடுங்கள், வரிக்காக இந்தச் சான்றிதழ் தேவையே இல்லை. அதைத் தாண்டினால் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்த்த பிறகு கிளைக்குப் போங்கள்.

கடிதம் கொடுத்தும் சான்றிதழ் வரவில்லை என்றால் முதலில் வங்கியிடமே எழுத்தில் புகார் கொடுங்கள். அதற்கும் ஒரு மாதமாகியும் தீர்வு இல்லை என்றால், அந்தப் புகாரின் நகலோடு cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேனிடம் புகார் பதியுங்கள். இதற்குக் கட்டணம் இல்லை.