ப, ர: இரண்டு முதலெழுத்துகளில் ஒரு முத்திரை

கேள்வி: கோத்தகிரியில் நானும் தோழியும் தேன் விற்கிறோம். ப, ர என்ற எங்கள் முதலெழுத்துகளை ஒரே ரப்பர் ஸ்டாம்பாக இணைப்பது எப்படி?

பதில்: ஒன்றன்மேல் ஒன்றாக வைக்காதீர்கள். 'ப' மேலே திறந்தது, 'ர' கீழே திறந்தது. இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படிந்தால் மூடிய பெட்டியாகி இரு எழுத்துகளும் மறைந்துவிடும். அதற்குப் பதிலாக, 'ப'வின் வலக்கோடே 'ர'வின் இடக்கோடாக இருக்கட்டும். அப்போது மூன்று நிமிர்ந்த கோடுகளும், கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரண்டு கிடைக்கோடுகளும், 'ர'வின் கீழ்வாலும் மட்டுமே மிஞ்சும். கண் தடையின்றி இடமிருந்து வலமாகச் செல்லும். வரிசையை மாற்றி 'ர'வை முன்னால் வைத்தால், அதன் கீழ்வால் 'ப'வின் அடிக்கோட்டில் மோதும்.

மிகுந்த கவனம் வேண்டியது அந்த வாலுக்குத்தான். வால் குறுகினாலோ மையில் அடைபட்டாலோ 'ர' வெறும் துணைக்காலாகி, முத்திரை 'பா' என்று வாசிக்கப்படும். குன்னூரில் தேயிலை உறைகளுக்காக நான் செய்த முதல் முத்திரையில் இதுவே நேர்ந்தது. பனிமூட்ட நாட்களில் ஈரம் ஏறிய காகிதத்தில் மை பரவி, வாலை விழுங்கிவிட்டது. ஆகவே 25 மி.மீ. உயர முத்திரையில் கோட்டின் தடிமன் 2 மி.மீ. இருந்தால், வாலை அடிக்கோட்டுக்குக் கீழே குறைந்தது 5 மி.மீ. இறக்குங்கள்.

செய்யக் கொடுக்குமுன் அதே அளவில் அச்சிட்டு, உங்கள் பெயர் அறியாத ஒருவரிடம் வாசிக்கச் சொல்லுங்கள். அவர் 'பா' என்றால் வாலை இன்னும் நீட்டுங்கள்.