தலைப்பு எழுதும் முறையை எப்படிக் கையளிப்பது?

கேள்வி: கொழும்பில் ஒரு செய்தித் தளத்தில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். மாத முடிவில் விலகுகிறேன். செய்திகளுக்குக் கூகுள் தேடலில் தெரியும் டைட்டில், டிஸ்கிரிப்ஷன் எழுதும் முறையெல்லாம் என் தலைக்குள்தான் இருக்கிறது. அடுத்து வருபவருக்கு என்ன எழுதிவைப்பது?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: "டைட்டிலை 60 எழுத்துக்குள் எழுதவும்" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள் சகோதரி. வருபவர் முதல் நாளே குழம்புவார். "கொழும்பு" நம் கண்ணுக்கு நான்கு எழுத்து. கணினி அதை எட்டாக எண்ணும், ஏனென்றால் கொம்பு, புள்ளி எல்லாம் அதற்குத் தனிக் குறிகள். கூகுளோ எண்ணிக்கையைப் பார்ப்பதில்லை, திரையின் அகலத்துக்கு ஏற்ப வெட்டுகிறது. ஆகவே, இடமும் விஷயமும் முதல் நான்கைந்து சொல்லுக்குள் வந்துவிட வேண்டும் என்று எழுதுங்கள்.

அப்புறம், ஒரு செய்தியை முழுசாகச் செய்து காட்டுங்கள். நீர்வெட்டையே எடுப்போம். நிருபர் கொடுப்பது "நாளை கொழும்பின் பல பகுதிகளில் நீர்வெட்டு". நான் முன்பு இருந்த ஓர் அலுவலகத்தில் இப்படியே போட்டோம். மூன்று நாள் கழித்தும் தேடலில் அந்த "நாளை" அப்படியே நின்றது. அதை நம்பி வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்துவைத்த ஒரு அம்மா தொலைபேசியில் எங்களைக் கேட்ட கேள்வி இன்னும் மறக்கவில்லை. "பல பகுதிகள்" என்று யாரும் தேடுவதும் இல்லை. தன் ஊர்ப் பெயரைத்தான் அடிப்பார்கள். மாற்றினால் இப்படி வரும்:

```
<title>கொழும்பு 13, 14, 15 நீர்வெட்டு: மார்ச் 14 சனி இரவு 8 முதல்</title>
<meta name="description" content="கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், மட்டக்குளி, முகத்துவாரம் பகுதிகளில் ஞாயிறு காலை 6 மணி வரை நீர் வராது.">
```

டைட்டிலில் சொன்னதை டிஸ்கிரிப்ஷன் திருப்பிச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? எண்ணால் சொன்ன இடங்கள் இங்கே பெயராக வருகின்றன. முகத்துவாரத்தை மோதறை என்று தேடுபவர்களும் உண்டு. அந்தப் பெயரைச் செய்தியின் முதல் பந்தியில் வையுங்கள். நாம் எழுதிய டிஸ்கிரிப்ஷனை விட்டுவிட்டு, செய்திக்குள்ளிருந்து ஒரு வரியைக் கூகுள் எடுத்துப் போடுவதும் அடிக்கடி நடக்கும். அதனால் முதல் பந்தியிலும் இடமும் நேரமும் இருக்கட்டும்.

வாட்ஸ்அப்பில் இணைப்போடு தெரியும் அட்டை வேறு கதை. அது `og:title`, `og:description` இரண்டையும் பார்க்கிறது. ஒருவர் இணைப்பை அனுப்பிய பிறகு நீங்கள் நேரத்தைத் திருத்தினாலும், ஏற்கெனவே போன செய்தியில் பழைய நேரமே நிற்கும். எனவே நேரத்தை வெளியிடும் முன்பே இன்னொருவர் படித்துப் பார்க்க வேண்டும் என்று குறிப்பில் கட்டாயம் சேருங்கள்.

கடைசியாக, நீங்கள் இந்த வருடம் மாற்றிய தலைப்புகளில் ஐந்தைத் தேர்ந்து பழையது, புதியது, ஏன் மாற்றினேன் என்று ஒரு வரி வீதம் எழுதி இணையுங்கள். வெளியான பின் டைட்டிலைத் திருத்தலாம், இணைப்பு முகவரியைத் தொடக்கூடாது என்பதையும் அதன் அடியில் போட்டுவிடுங்கள்.