கடன் ஒப்பந்தச் சுருக்கம்: 1.25 என்று எழுதினால் போதுமா?

கேள்வி: நூற்பாலை ஒன்றில் ஃபைனான்ஸ் கன்ட்ரோலராக இருக்கிறேன். எங்கள் டேர்ம் லோன் ஒப்பந்தம் 90 பக்கம். நிதி நிபந்தனைகள், அனுப்ப வேண்டிய அறிக்கைகள், எதெல்லாம் டிஃபால்ட் ஆகும் என்று ஒரே பக்கத்தில் கேட்கிறார் எம்.டி. கடன் வாங்கித் தந்த கன்சல்டன்ட் ஒரு சுருக்கம் கொடுத்து, ஆண்டுத் தவணையையும் வட்டியையும் கட்ட வருமானம் எத்தனை மடங்கு இருக்கிறது என்று காட்டும் டி.எஸ்.சி.ஆர். விகிதம் 1.25 இருந்தால் போதும் என்கிறார். நம்பலாமா?

பதில்: நம்பாதீர்கள். இந்தச் சுருக்கங்கள் பெரும்பாலும் சாங்ஷன் கடிதத்தைப் பார்த்து எழுதப்படுபவை. கையெழுத்தான ஒப்பந்தத்தை யாரும் புரட்டுவதில்லை. பணம் வந்த அன்றே கன்சல்டன்டுக்குக் கமிஷன் கிடைத்துவிடும். பிறகு விகிதம் சரிந்தால் வங்கிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

1.25-க்குப் பக்கத்திலேயே அதைக் கணக்கிடும் முறையையும் எழுதுங்கள். வரிக்குப் பிந்தைய லாபம் 160 லட்சம், தேய்மானம் 140, டேர்ம் லோன் வட்டி 110 என்று வைப்போம். மொத்தம் 410. அந்த ஆண்டுக்கான தவணை 210, வட்டி 110, ஆக 320. வகுத்தால் 1.28, தப்பித்தோம் என்று தோன்றும். ஆனால் அந்த லாபத்துக்குள் பழைய நிலத்தை விற்ற 35 லட்சம் இருக்கிறது. தொழில் சாராத வருமானத்தைக் கழிக்க வேண்டும் என்று வரையறை சொன்னால் 375-ஐ 320-ஆல் வகுக்க வேண்டும். வருவது 1.17. நிபந்தனை மீறப்பட்டுவிட்டது. வரையறை ஓரிடம், எண் ஓர் அட்டவணை, மீறினால் என்ன என்பது இன்னொரு பிரிவு என்று எதற்காகத்தான் இப்படிப் பிரித்து வைக்கிறார்களோ! மூன்றையும் ஒரே வரிக்குக் கொண்டுவாருங்கள்.

அறிக்கைகளில் முதலிடம் ஸ்டாக் ஸ்டேட்மென்டுக்கு. கேஷ் கிரெடிட் கணக்கில் 3 மாதத்துக்கு மேல் பழைய ஸ்டேட்மென்டை வைத்துப் பணம் எடுத்தால், ரிசர்வ் வங்கி விதிப்படி அது ஒழுங்கற்ற கணக்கு. அந்த நிலை தொடர்ந்து 90 நாள் நீடித்தால், ஆலை நன்றாக ஓடினாலும் கணக்கு வாராக்கடன்தான். ஆகவே தேதியோடு அனுப்பும் பொறுப்பாளர் பெயரையும் எழுதுங்கள்.

டிஃபால்ட் பகுதியில் 'சரிசெய்ய 30 நாள் அவகாசம்' என்றிருந்தால் அங்கே நிதானமாகப் படியுங்கள். தவணை, வட்டி தவறினால் இந்த அவகாசம் பெரும்பாலும் பொருந்தாது. விகித மீறலுக்குப் பொருந்தினாலும், 30 நாள் எப்போது தொடங்குகிறது? வங்கி நோட்டீஸ் தந்த நாளிலா, உங்களுக்குத் தெரியவந்த நாளிலா? 'இரண்டில் முந்தியது' என்றிருந்தால், தணிக்கைக்கு முந்தைய கணக்கை மே மாதம் நீங்கள் பார்த்த அன்றே நாள் ஓடத் தொடங்கிவிட்டது என்று வங்கி வாதிடலாம். தணிக்கை முடிந்த கணக்கு செப்டம்பரில் போய்ச் சேரும்போது அவகாசம் தீர்ந்திருக்கும். மார்ச் 31-ல் இருந்த விகிதத்தை அதன் பிறகு எப்படிச் சரிசெய்வது? புரமோட்டர் முதல் போட்டால் ஏற்பார்களா என்பதும் ஒப்பந்தத்தில் இருந்தால்தான் உண்டு.

ஆகவே பிப்ரவரியிலேயே ஆண்டு விகிதத்தைக் கணித்து, குறையும் என்று தெரிந்தால் விலக்கு கேட்டு எழுதுங்கள். கிளை மேலாளர் வாயால் 'பார்த்துக்கொள்ளலாம்' என்பது செல்லாது. அவர் மாற்றலாகிப் போய்விடுவார். கடனை அனுமதித்த அதிகாரியிடமிருந்து கடிதமாக வாங்குங்கள். ஒப்பந்த நகல் இணைப்புகளோடு உங்களிடம் இல்லையென்றால் இன்றே கேளுங்கள்; அதைத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி.