விலைக்கு முன் எடை

"பழம்பொருள் சந்தை நெரிசலில் போலி நாணயம் வாங்காமலிருக்கும் பழக்கங்கள் பற்றி எங்கள் சேகரிப்பாளர் மன்றத்தில் பேச வேண்டும். எதை முதலில் சொல்லலாம்?"

விலை கேட்பதற்கு முன்பே எடை போடுவதைச் சொல்லுங்கள். பேரம் தொடங்கிவிட்டால் மனம் வாங்கும் பக்கம் சாய்ந்துவிடுகிறது. பின்னால் ஆட்கள் நெருக்கும்போது சோதனையே நடக்காது.

அமெரிக்காவின் மார்கன் வெள்ளி டாலரையே எடுத்துக்காட்டாக்குங்கள்: 26.73 கிராம், 38.1 மி.மீ. விட்டம். எழுத்தும் உருவமும் கூர்மையாக இருக்கும் நாணயம் சட்டைப்பைத் தராசில் 24 கிராம் காட்டினால் கீழே வைத்துவிட வேண்டும். அவ்வளவு எடையைத் தேய்மானம் தின்றிருந்தால் முகமே மழுங்கியிருக்கும்.

காந்தத்தை மட்டும் நம்ப வேண்டாம், வெள்ளியைப் போலவே பித்தளையும் அதில் ஒட்டாது. நான் அப்படித்தான் ஏமாந்தேன். எடை சரியாக இருந்தாலும் விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். வார்ப்புப் போலிகளில் பல நேரம் விளிம்பு வரிகளின் குறுக்கே மெல்லிய இணைப்புக் கோடு ஓடும்.